கார்டின் ஊரும் கணக்கின் ஊரும்

அமெரிக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு கோவைக்குத் திரும்பிய ஒரு மென்பொருள் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். கையில் இருப்பது அங்கே வாங்கிய ஐபோன், அங்கே தொடங்கிய ஆப்பிள் கணக்கு. அமெரிக்க வங்கிக் கணக்கை மூடிவிட்டார். மாதச் சந்தாவுக்குப் பணம் எடுக்கும் நாள் வருகிறது. பழைய கார்டு செல்லாது என்பதால், கோவைக் கிளையில் வாங்கிய புதிய விசா கார்டின் எண்ணைப் போடுகிறார். திரையில் வருவது ஒரே வரி: Your payment method was declined.

கணக்கில் பணம் இருக்கிறது. அதே கார்டில் காலையில்தான் மளிகை வாங்கியிருக்கிறார். வங்கியின் உதவி எண்ணுக்கு அழைத்தால், "எங்களுக்கு அப்படி ஒரு கோரிக்கையே வரவில்லை சார்" என்கிறார்கள். ஆப்பிள் பக்கம் கேட்டால் "உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று பதில் வருகிறது. இரண்டு பக்கமும் அலைந்து அரை நாள் போய்விடுகிறது.

வங்கி சொன்னது உண்மைதான். கார்டை மறுத்தது கடை. அதுவும் வங்கியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே.

கார்டின் முகப்பில் இருக்கும் எண்களில் முதல் சில எண்கள் வாடிக்கையாளரைப் பற்றியவை அல்ல. கார்டைக் கொடுத்த வங்கியைப் பற்றியவை. விசா என்றால் 4-இல் தொடங்கும், மாஸ்டர்கார்டு என்றால் 5 அல்லது 2. அடுத்து வரும் எண்கள் எந்த வங்கி, எந்த நாடு, டெபிட்டா கிரெடிட்டா என்பதைக் காட்டிக்கொடுக்கும். இதை 'பின்' எண் என்பார்கள். ஏடிஎம்மில் போடும் ரகசிய பின்னுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நெடுங்காலம் முதல் ஆறு இலக்கங்களே இதற்குப் போதுமானவையாக இருந்தன. எண்கள் தீர்ந்துவரவே, 2022 ஏப்ரல் முதல் விசாவும் மாஸ்டர்கார்டும் எட்டு இலக்கத்துக்கு மாறின. டிஎன் 38 என்று நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கோவை வண்டி என்று தெரிந்துவிடுவதைப் போல, எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் 'இது இந்திய வங்கியின் கார்டு' என்று கடையின் மென்பொருளுக்குத் தெரிந்துவிடுகிறது. கணக்கில் இருப்பதோ அமெரிக்கா. இரண்டும் ஒத்துப்போகாததால் அங்கேயே நிறுத்திவிடுகிறது.

முகவரிப் படிவத்திலும் இது தெரியும். அமெரிக்கக் கணக்கில் 'மாநிலம்' என்ற இடத்தில் டெக்சாஸ், ஓஹையோ என்றுதான் பட்டியல் விரியும், தமிழ்நாடு இருக்காது. அஞ்சல் குறியீட்டுக்கு ஐந்து இலக்கம் கேட்கும். கோவையின் பின்கோடு ஆறு இலக்கம். பழைய அமெரிக்க முகவரியையே போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. முகவரி பொருந்தினாலும் கார்டின் முதல் எண்கள் மாறப்போவதில்லை.

கார்டில் பணம் இருக்கும்போது கடைக்கு எந்த நாட்டுக் கார்டாக இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். முதல் காரணம் விலை. யூடியூப் பிரீமியத்தின் தனிநபர் மாதச் சந்தா 2023-இல் அமெரிக்காவில் 13.99 டாலர் ஆனது. இந்தியாவில் 2024-இல் அது 149 ரூபாய் ஆனது. ஒரே சேவைக்கு இத்தனை வித்தியாசம் இருந்தால், மலிவான நாட்டில் இருப்பதாகக் காட்டி வாங்கப் பலர் முயல்வார்கள். விபிஎன் போட்டு இருப்பிடத்தை மாற்றிக் காட்டுவது எளிது. வேறொரு நாட்டு வங்கியின் கார்டைப் பெறுவது எளிதல்ல. அதனால்தான் கடைகள் கார்டை நம்புகின்றன. படம், பாடல்களின் உரிமை நாடுவாரியாக விற்கப்படுவது இன்னொரு காரணம்.

வெளியில் அதிகம் பேசப்படாதது மூன்றாவது காரணம்: வரி. இணையம் வழியாக விற்கும் சேவைக்கு வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டின் வரி. ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்பதை விற்பவர் எப்படி அறிவது? இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டம், 13-ஆம் பிரிவில் இதற்கு ஏழு அடையாளங்களைத் தருகிறது. வாங்குபவர் தந்த முகவரி, பில் முகவரி, கார்டு எந்த நாட்டில் கொடுக்கப்பட்டது, கருவியின் ஐபி முகவரி, வங்கிக் கணக்கு இருக்கும் இடம், சிம் கார்டின் நாட்டுக் குறியீடு, தரைவழித் தொலைபேசி இருக்கும் இடம். இவற்றில் ஒன்றோடொன்று முரண்படாத ஏதேனும் இரண்டு இந்தியாவைக் காட்டினால், வாங்குபவர் இந்தியாவில் இருப்பதாகவே கொள்ளப்படும். வெளிநாட்டு நிறுவனமானாலும் 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2015 முதல் ஏறக்குறைய இதே போன்ற முறைதான்.

இப்போது கோவைப் பொறியாளரின் கோரிக்கையைக் கடையின் கண்ணால் பாருங்கள். கணக்கு சொல்வது அமெரிக்கா. கார்டு இந்தியா. வீட்டு வைஃபையின் ஐபி முகவரி இந்தியா. இரண்டு அடையாளங்கள் இந்தியாவைக் காட்டிவிட்டன. இதை அமெரிக்க விலையில், அமெரிக்க வரியோடு விற்றால் இந்திய வரித்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். விற்காமலே விட்டுவிடுவது கடைக்குச் சுலபம்.

இதே 'டிக்ளைன்ட்' வேறொரு காரணத்தாலும் வரும். அதைப் பிரித்தறிவது முக்கியம். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி அந்த ஆண்டு மார்ச் 16 முதல் புதிதாகக் கொடுக்கப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும். இணைய வழிப் பரிவர்த்தனையையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் வாடிக்கையாளரே வங்கியின் செயலியில் போய்த் திறக்க வேண்டும். இதைத் திறக்காமல் வெளிநாட்டுத் தளத்தில் பணம் கட்டப் போனால் மறுப்பது வங்கி. அப்படி மறுத்தால் பெரும்பாலும் குறுஞ்செய்தி ஒன்று வரும். அல்லது வங்கிச் செயலியில் தோல்வியடைந்த பரிவர்த்தனையாகப் பதிவாகியிருக்கும். குறுஞ்செய்தியும் இல்லை, ஓடிபியும் வரவில்லை, செயலியிலும் தடயம் இல்லை என்றால் கோரிக்கை வங்கியின் வாசலுக்கே போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது கார்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. இன்னொரு இந்திய வங்கியின் கார்டுக்கும் இதே கதிதான்.

மாற்ற வேண்டியது கணக்கின் நாட்டை. ஆப்பிளில் அதற்கான வழி செட்டிங்ஸில் பெயரைத் தொட்டு, Media & Purchases, அதற்குள் View Account, பிறகு Country/Region. பார்க்க நான்கு தட்டல்தான். ஆனால் அந்தக் கதவு திறக்க முன்நிபந்தனைகள் உண்டு, சிக்கலெல்லாம் அங்கேதான்.

கணக்கில் மிச்சப் பணம் இருக்கக் கூடாது. கிஃப்ட் கார்டில் போட்டது மூன்று டாலர் நாற்பது சென்ட் மீந்திருந்தாலும் மாற்ற விடாது. அது ரூபாயாக மாறவும் செய்யாது. எதையாவது வாங்கித் தீர்க்க வேண்டும். அந்தத் தொகைக்கு வாங்க எதுவும் இல்லாவிட்டால் ஆப்பிளின் உதவி மையத்தைத்தான் அணுக வேண்டும். அடுத்தது சந்தா. ரத்து செய்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே பணம் கட்டிய காலம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். மாதச் சந்தா என்றால் சில வாரம். விலை குறைவு என்று ஆண்டுச் சந்தா எடுத்தவர் பல மாதம் மாட்டிக்கொள்வார். மூன்றாவது குடும்பப் பகிர்வு. குழுவில் இருப்பவர் எல்லோரும் ஒரே நாட்டுக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதால் அதிலிருந்து விலகியாக வேண்டும். குழுவை நடத்துபவர் விலகினால் மனைவி, பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த பகிர்ந்த ஐகிளவுட் இடமும் போய்விடும். இலவச ஐந்து ஜிபிக்கு மேல் படம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குப் பேக்கப் நின்றுவிடும். அமெரிக்க ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய சில படங்கள் இந்திய ஸ்டோரில் இல்லாமல் போகலாம்; மாற்றுவதற்கு முன்பே அவற்றைப் போனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் கடந்து இந்தியாவுக்கு மாற்றிய பிறகு பலர் திகைப்பது வேறோர் இடத்தில். தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் கொண்டுவந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு, 2022-இல் ஆப்பிள் தன் இந்திய ஸ்டோரில் கார்டு ஏற்பதை நிறுத்தியது. யுபிஐ, நெட் பேங்கிங், கணக்கில் முன்கூட்டியே போட்டுவைக்கும் இருப்பு ஆகியவையே வழியாயின. எந்தக் கார்டுக்காக இத்தனை பாடு பட்டாரோ அந்தக் கார்டு கடைசியில் தேவைப்படவில்லை. வங்கிக் கணக்கோடு இணைந்த யுபிஐ ஐடியே போதும்.

கூகுள் பிளேயில் நடைமுறை வேறு. புதிய நாட்டில் இருந்துகொண்டு, அந்த நாட்டுப் பணம் செலுத்தும் முறை ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாற்றம் தெரிய இரண்டு நாள்வரை ஆகலாம். பழைய நாட்டின் இருப்பு அழியாது, ஆனால் புதிய நாட்டில் பயன்படாது. ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும் என்பதால் விடுமுறைக்கு வந்த இடத்தில் அவசரப்பட்டு மாற்றிவிட்டால் திரும்பிப் போனதும் திண்டாட வேண்டியதுதான். நெட்ஃபிளிக்ஸில் சந்தாவை ரத்து செய்து, கட்டிய காலம் முடிந்ததும் புதிய நாட்டில் மீண்டும் தொடங்க வேண்டும்.

குறுக்குவழி தேடுபவர்களுக்கு இணையத்தில் அமெரிக்க கிஃப்ட் கார்டுகள் விற்கிறார்கள். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட எண்ணைத் தலையில் கட்டிவிட்டால் பணம் திரும்பாது.

விலை ஏமாற்றுபவர்களைத் தடுக்கக் கடைக்கு உரிமை உண்டு. உண்மையிலேயே வீடு மாறியவரையும் அதே வலையில் போடுவது நியாயமில்லை. ஐரோப்பிய ஆணையமும் உறுப்பு நாடுகளின் நுகர்வோர் அமைப்புகளும் 2024 நவம்பரில் ஆப்பிளுக்கு அனுப்பிய அறிவிக்கையில் சுட்டியவற்றுள் ஒன்று இதே குறைதான்: கணக்கு பதிவான நாட்டில் கொடுக்கப்பட்ட கார்டுகளை மட்டுமே ஏற்பது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கார்டின் நாட்டைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்ற விதி 2018 டிசம்பர் முதலே நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அமெரிக்காவிலிருந்து கோவைக்கு வருபவருக்கு இல்லை. குறைந்தபட்சம், 'இந்தக் கார்டு இந்தியாவில் கொடுக்கப்பட்டது, உங்கள் கணக்கு அமெரிக்காவில் இருக்கிறது' என்று திரையில் எழுதிக் காட்டலாம். கடைக்கு அது தெரியும். அதைச் சொல்லாமல் வெறும் 'மறுக்கப்பட்டது' என்று போடுவதால்தான் மக்கள் வங்கி வாசலில் நிற்கிறார்கள்.

நாடு மாறத் திட்டமிடுபவர்கள் விமான டிக்கெட் எடுக்கும்போதே ஆண்டுச் சந்தாக்கள் எந்தத் தேதியில் முடிகின்றன என்று பார்த்து, தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். கிஃப்ட் கார்டு இருப்பைச் செலவழித்துவிடுங்கள். பழைய வங்கிக் கணக்கை மட்டும் உடனே மூடாதீர்கள். கடைசிச் சந்தா முடிந்து, கணக்கின் நாடு மாறி, புதிய ஊரின் கணக்கிலிருந்து முதல் தவணை எடுக்கப்படும்வரை அது உயிரோடு இருக்கட்டும்.