முதல் யூட்யூப் காசு: ஃபோனா, கடனா?

இன்னைக்கு ஒரு குட்டிக் கதை. மூணாவது வருஷம் படிக்கிற ஒரு காலேஜ் பையன். பேரு கதிர்னு வெச்சுக்குவோம். எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தி வீடியோ போடுறான். ஜூன் 23-ஆம் தேதி அவன் பேங்க் அக்கவுண்ட்ல முதல் பேமெண்ட் விழுது. 104 டாலர். பேங்க் ரேட், சார்ஜ் எல்லாம் போக கைக்கு வந்தது 8,500 ரூபாய்.

உடனே மனசுல ஓடுனது 24,000 ரூபாய் ஃபோன். வட்டியில்லாத இஎம்ஐ, மாசம் 2,000, பன்னிரண்டு மாசம். "அதான் சேனல்ல இருந்து காசு வருதே, கட்டிடலாம்"னு தோணுச்சு.

இங்கதான் நம்மில் பலர் தப்புக் கணக்கு போடுவோம். ஆட்சென்ஸ்ல 100 டாலர் சேர்ந்தாதான் பணம் அனுப்புவாங்க. அதுவும் அடுத்த மாசம் 21-லிருந்து 26-க்குள்ள. கதிர் ஸ்டுடியோவைத் திறந்து கடைசி மூணு மாசத்தைப் பார்த்தான்: 18, 22, 20 டாலர். சராசரி 20. அப்படின்னா ஜூன்ல இருந்து அக்டோபர் வரை சம்பாதிச்சாதான் 100 சேரும். அடுத்த பணம் நவம்பர் கடைசியிலதான் வரும்.

இப்போ இஎம்ஐயைப் பாருங்க. ஜூலை 5 முதல் நவம்பர் 5 வரை அஞ்சு தவணை, மொத்தம் 10,000 ரூபாய். கையில இருக்கிறது 8,500. நவம்பர் தவணையிலயே 1,500 துண்டு விழும். ஒரு மாசம் வியூஸ் குறைஞ்சா பேமெண்ட் இன்னும் தள்ளிப் போகும். இஎம்ஐ தேதி தள்ளிப் போகாது.

அதனால ஃபோனை விட்டுட்டான். மைக் வாங்க ரூம்மேட்கிட்ட வாங்கின 3,000-ஐ முதல்ல திருப்பிக் கொடுத்தான். 500-க்கு ஃப்ரெண்ட்ஸுக்கு பிரியாணி. அஞ்சு மாச ரீசார்ஜுக்கு 1,750 எடுத்து வெச்சான், இனி அப்பாகிட்ட கேக்க வேண்டாம். மீதி 3,250 அக்கவுண்ட்லயே இருக்கு. நவம்பர் பேமெண்ட் லேட்டானாலும் யார்கிட்டயும் கை நீட்ட வேண்டியதில்ல.

சரி, சம்பளம் வாங்குற நமக்கு இதுல என்ன இருக்கு? இன்சென்டிவ், ஃப்ரீலான்ஸ், சேனல் வருமானம் எல்லாமே இதே மாதிரி விட்டுவிட்டு வர்ற காசு. அதை நம்பி மாசத் தவணை எடுக்காதீங்க. தவணை சம்பளத்துக்குள்ள அடங்கணும்.

இன்னொண்ணு. சேனல் காசு நம்ம ஊர் டிடிஎஸ் பிடிக்காமதான் வரும். ஆனா அது உங்க சம்பளத்தோட சேர்ந்து உங்க ஸ்லாப்படி வரிக்கு உட்படும். தொழில் வருமானமா காட்டணும், அதனால ஐடிஆர்-1 செல்லாது. உங்க ஸ்லாப் 20 சதவீதம்னா, வந்த அன்னைக்கே அஞ்சுல ஒரு பங்கை வரிக்குன்னு தனியா ஒதுக்கிடுங்க. மீதிதான் உண்மையில உங்க காசு.

உங்களுக்குக் கடைசியா வந்த எக்ஸ்ட்ரா காசு எதுக்குப் போச்சு? ஒரு நிமிஷம் பேங்க் ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து பாருங்களேன்.