பியூஸை மாற்றினால் போதுமா?

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டி, அரைத்து, புளிக்க வைத்த பின்னர் டிரையருக்குள் செல்கின்றது. அந்நேரத்தில் டிரையரின் காற்றாடி மோட்டார் நின்றுவிட்டால் நட்டம் இரண்டு பக்கத்தாலும் வருகின்றது. உள்ளே இருக்கும் தூள் காற்றோட்டமின்றி வெந்து போகும். வெளியே காத்திருக்கும் தூள் அளவுக்கு மீறிப் புளித்துச் சாயத்தின் துலக்கத்தை இழக்கும். மெக்கானிக்கின் கூலியை விட இந்த நட்டமே பெரியது.

ஒரு தடவை நின்றால் பரவாயில்லை. மூன்று வாரத்திற்கு ஒரு தடவை நின்றால் என்ன செய்வது? இதற்கு ஜப்பானியர் இரண்டு வழிகளைக் கையாள்கின்றனர். எமது அரிசி ஆலைக்கும் அச்சகத்திற்கும் கூட இவை பொருந்தும்.

முதலாவது, ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்பது. டொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ 1978இல் வெளியிட்ட நூலில் இதற்கோர் உதாரணம் தருகின்றார். இயந்திரம் ஏன் நின்றது? சுமை கூடி பியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? பெயாரிங்கிற்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய்ப் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி பொருத்தப்படாததால் இரும்புத்தூள் உள்ளே போனது. பியூஸை மாத்திரம் மாற்றியிருந்தால் சில மாதங்களில் அதே இயந்திரம் மீண்டும் நின்றிருக்கும்.

ஆனால் இம்முறையில் ஒரு பலவீனம் உண்டு. அது ஒரே பாதையில்தான் செல்லும். தொடக்கத்தில் பிழையான பாதையைப் பிடித்தால் ஐந்து கேள்வியும் வீண். ஆகவேதான் அதற்கு முன்னர் மீன்முள் படம் வரைய வேண்டும். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கவோரு இஷிகாவா உருவாக்கிய முறை இது. மீனின் தலையில் பிரச்சினையை எழுத வேண்டும். 'மோட்டார் பழுது' என்று பொதுவாக எழுதாமல், 'காற்றாடி மோட்டார் மூன்று வாரத்திற்கு ஒரு தடவை நிற்கின்றது' என்று எழுதுவதே சரி. பெரிய முட்களில் இயந்திரம், வேலை முறை, பொருள், ஆட்கள், அளவீடு, சுற்றுச்சூழல் என்று போட்டு, ஒவ்வொன்றிலும் சந்தேகங்களைக் குறிக்கலாம். பெயாரிங் இறுகியதா, பெல்ட் மிதமிஞ்சி இழுக்கின்றதா, கிரீஸ் எப்போது போடப்பட்டது, மாலையில் மின்னழுத்தம் குறைகின்றதா என்றெல்லாம். டீமேக்கரையும் இரவு வேலைக்காரரையும் சேர்த்து உட்கார வைப்பது நல்லது. அலுவலகத்திலிருந்து வரையும் படத்தில் பாதி முட்கள் வராது.

படம் சந்தேகங்களின் பட்டியல் மாத்திரமே. எந்த முள் உண்மையானது என்பதைக் காட்டுவது பதிவுப் புத்தகம். நின்ற ஒவ்வொரு தடவையும் திகதி, மணி, செய்த பழுதுவேலை எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லாம் மாலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் என்றால் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். மணிக்கணக்கில் ஒழுங்கு எதுவுமின்றி, பெயாரிங் மாற்றிச் சில வாரங்களில் நிற்கின்றது என்றால் பெயாரிங் முள்ளைப் பிடியுங்கள்.

அவ்வாறு பிடித்ததாக வைத்துக்கொள்வோம். மோட்டார் ஏன் நின்றது? ஓவர்லோட் ரிலே அணைத்தது. ஏன்? பெயாரிங் இறுகிச் சுமை கூடியது. இதை நம்பிவிடாமல், மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டைக் கழற்றிக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஏன் இறுகியது? கழற்றினால் கிரீஸோடு தேயிலைத் தூசு கலந்திருக்கின்றது. தூசு எப்படிப் போனது? போன தடவை பெயாரிங் மாற்றியபோது தேய்ந்த சீலையே திரும்பப் போட்டார்கள். ஏன்? களஞ்சியத்தில் சீல் இல்லை. வாங்கும் பட்டியலில் பெயாரிங் மாத்திரமே இருக்கின்றது. ஆக, பரிகாரம் ஒரு சீலும் பட்டியலில் ஒரு வரியும்.

பலர் 'மெக்கானிக் கவனமில்லை' என்ற இடத்தில் விசாரணையை நிறுத்திவிடுகின்றனர். அதற்கு அடுத்த 'ஏன்'தான் சீல் இல்லாத களஞ்சியத்தைக் காட்டும். ஆளை மாற்றினாலும் புதியவருக்கும் சீல் கிடைக்கப்போவதில்லை. சங்கிலி சரியா என்று அறிய அதைக் கீழிருந்து மேலாக 'ஆகையால்' போட்டு வாசித்துப் பாருங்கள். சீல் இல்லை, ஆகையால் தூசு போனது, ஆகையால் இறுகியது என்று தடையின்றி வந்தால் சரி. எங்காவது இடறினால் அந்தப் படியில் ஊகம் இருக்கின்றது. ஐந்து என்பதும் கட்டாயக் கணக்கல்ல. மூன்றிலும் முடியலாம், ஏழுக்கும் போகலாம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அடிக்கடி நிற்கின்றது என்பதற்காக யாராவது ரிலேயின் அளவைக் கூட்டி வைத்திருக்கக் கூடும். அப்போது மோட்டார் நிற்காது. ஒருநாள் கொயிலே எரியும். மோட்டாரின் தகட்டிலுள்ள அம்பியர் அளவோடு ரிலேயை ஒப்பிட்டுச் சரிப்படுத்திய பின்னரே புதிய சீலின் பலனைக் கணக்கெடுக்கலாம். மூன்று வாரத்திற்கு ஒரு தடவை நின்ற மோட்டார் ஒரு மாதம் ஓடியதால் அறிக்கையை மூடிவிட முடியாது. குறைந்தது மூன்று மாதமாவது பதிவுப் புத்தகத்தைத் தொடர வேண்டும்.