குட்டி யானை: வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா?

மணப்பாறையில் முறுக்கு போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 5 லட்சத்துக்கு விற்கிறார், ஆண்டு லாபம் 9 லட்சம். கடைகளுக்குச் சரக்கு அனுப்ப ஒரு குட்டி யானை தேவைப்படுகிறது. லீஸ் கம்பெனிக்காரர் வந்து, "வாங்காதீங்கண்ணே, வாடகை முழுக்கச் செலவுல போயிடும், வரி மிச்சம்" என்கிறார். சொல்வது பொய்யில்லை. ஆனால் இவருக்கு அது பொருந்துமா?

வண்டி 6 லட்சம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,08,000. ஜிஎஸ்டியைக் கையிலிருந்து கட்டிவிட்டு, 6 லட்சத்தை 11 சதவீத வட்டியில் நாலு வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 15,500. சாலை வரி, காப்பீடு, சர்வீஸ் எல்லாம் ஆண்டுக்கு 40,000 என்று வைப்போம். லீஸில் இவை எல்லாம் சேர்த்து மாதம் 17,500, அதற்கு ஜிஎஸ்டி 3,150.

தவணை கட்டுவதெல்லாம் செலவுக் கணக்கில் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். வராது. வட்டி மட்டும்தான் செலவு. அசல் என்பது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது. வண்டியின் விலைக்குப் பதிலாகத் தேய்மானம் கழிக்கலாம். சொந்தச் சரக்கை ஏற்றும் வண்டிக்கு அது ஆண்டுக்கு 15 சதவீதம், அதுவும் மீதமுள்ள மதிப்பின் மேல். (வண்டியையே வாடகைக்கு ஓட்டுபவருக்கு 30.) முதல் ஆண்டில் வட்டி சுமார் 60,000, தேய்மானம் 90,000, மற்ற செலவு 40,000, மொத்தம் 1,90,000 கழியும். லீஸ் எடுத்தால் 2,10,000 கழியும். அடுத்தடுத்த ஆண்டுகளில் வட்டியும் தேய்மானமும் குறைந்துகொண்டே போக, லீஸ் வாடகை அப்படியே நிற்கும். நாலு வருடத்தில் லீஸ் வழியாகக் கூடுதலாகக் கழிவது ஏறக்குறைய இரண்டரை லட்சம்.

இனி கையிலிருந்து போகும் பணத்தைப் பார்ப்போம். ஜிஎஸ்டியை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால், லீஸுக்கு நாலு வருடத்தில் 8,40,000. வாங்கினால் தவணை 7,44,000, மற்ற செலவு 1,60,000. கடைசியில் வண்டி இரண்டேகால் லட்சத்துக்குப் போகும் என்றால் நிகரம் 6,79,000. வித்தியாசம் 1,61,000. உச்ச வரம்பில் வரி கட்டுபவருக்கு அந்த இரண்டரை லட்சக் கழிவால் 78,000 போல மிச்சமாகும். அப்போதும் வாங்குவதே 83,000 லாபம்.

நம் முறுக்குக்காரருக்கு அந்த மிச்சமும் கிடையாது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் அனுமான வருமான முறையில் இருப்பவருக்கும் இதே கதைதான். அங்கே வாடகையையும் கழிக்க முடியாது, தேய்மானத்தையும் கழிக்க முடியாது. எல்லாம் கழிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். லீஸ்காரர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

லீஸுக்கு உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. சரக்கு வண்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், காருக்குப் பொதுவாக முடியாது. ஆனால் அது ரொக்கமாகத் திரும்பி வராது, கட்ட வேண்டிய வரியில்தான் கழியும். பாக்கெட் முறுக்குக்கு வரி இப்போது 5 சதவீதம். 25,000 வரி வசூலித்து, மாவு, எண்ணெய், கவர் வாங்கியதில் கட்டிய 17,000 போக இவர் மாதம் கட்டுவது 8,000. வண்டிக்குக் கட்டிய 1,08,000 கழிந்து தீர பதின்மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும். லீஸில் வரும் 3,150 அந்தந்த மாதமே கழிந்துவிடும். பயப்பட வேண்டாம்: முடங்கும் பணத்துக்கு 11 சதவீத வட்டி போட்டாலும் 7,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். தீபாவளிக்கு முன் எண்ணெய் டின் வாங்கப் பணமில்லாமல் நிற்கும் நிலை இருந்தால் மட்டுமே இது பெரிய விஷயம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இந்தக் கிரெடிட்டே கிடையாது. அவருக்கு லீஸ் வாடகை மேல் வரும் ஜிஎஸ்டி மட்டும் நாலு வருடத்தில் 1,51,200, வாங்கினால் 1,08,000.

ஒரு பெரிய கடையின் இரண்டு வருட ஆர்டருக்காக மட்டும் வண்டி வேண்டுமென்றால் லீஸைப் பார்க்கலாம். அப்போதும் பத்திரத்தில் முதலில் படிக்க வேண்டியது மாத வாடகையை அல்ல. நடுவில் திருப்பிக் கொடுத்தால் எத்தனை மாத வாடகை கேட்பார்கள், எத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் கூடுதல் பணம் என்ற இரண்டு வரிகளை. மணப்பாறைக்காரர் வாங்கிவிடலாம்.