ஒரு கிலோ இறகுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு கிலோ இறகு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா என்று கேட்டுப் பிள்ளைகளை மடக்குவது பழைய வேடிக்கை. இரண்டும் ஒரே கிலோதான் என்றதும் அந்தக் கேள்வி தீர்ந்துவிடுகிறது. எது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்டால்தான் சுவாரசியம்.

இரும்பின் கணக்கு எளிது. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் நிறை 7.87 கிராம். இதுதான் அதன் அடர்த்தி. 1000 கிராமை 7.87 ஆல் வகுத்தால் 127 கன சென்டிமீட்டர் வரும். பக்கத்துக்கு 5 செ.மீ. உள்ள ஒரு கட்டி, உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இறகு என்றால் எந்த இறகு? மயிற்பீலியும் கோழி இறகும் ஒரே அளவு இடம் பிடிக்காது. வாத்தின் நெஞ்சில் வளரும் மெல்லிய தூவியை எடுத்துக்கொள்வோம். குளிர்நாடுகளில் ஜாக்கெட்டுக்குள் அடைப்பது இதைத்தான். ஓர் அவுன்ஸ் தூவியை, அதாவது சுமார் 28 கிராமை, ஒரு கண்ணாடி உருளையில் போட்டு, மேலே இலேசான தட்டு ஒன்றை வைத்து, எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். 600 கன அங்குலம் நிரப்பினால் சுமாரான தரம். அந்தக் கணக்கில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 350 லிட்டர், பக்கத்துக்கு 70 செ.மீ. உள்ள பெட்டி தேவை. இரும்பைப் போல் சுமார் 2700 மடங்கு!

இந்த 2700-க்குள் இரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. பெரிய காரணம் காற்று. தூவிக்கு நடுவில் கெட்டியான தண்டு கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து இழைகள் நாலாபுறமும் விரிந்து, ஒன்றையொன்று தள்ளி நிறுத்துகின்றன, இடைவெளியெல்லாம் காற்று. நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு குவியல் சப்பென்று அமுங்கிவிடும். காற்றை முழுவதும் வெளியேற்ற முடிந்தால் மிஞ்சும் கெரட்டின் என்ற புரதம் 770 மில்லிலிட்டர்தான். 450 மடங்கு போயிற்று.

ஆனாலும் அது இரும்பைவிட 6 மடங்கு பெரியது. எவ்வளவு அழுத்தினாலும் இது குறையாது. இரும்பில் அணுக்கள் நெருக்கமாக இருப்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள அணுக்களை எண்ணினால் கெரட்டினில்தான் சற்று அதிகம். ஆனால் அவற்றில் ஏறத்தாழப் பாதி காற்றிலும் இலேசான ஹைட்ரஜனின் அணுக்கள். ஹைட்ரஜன் அணுவின் நிறை 1 என்றால் கார்பனுக்கு 12, இரும்புக்கு 56.

ஒரு சந்தேகம் எழலாம். 350 லிட்டர் காற்றின் எடையே சுமார் 400 கிராம். அப்படியானால் தூவிக் குவியலைத் தராசில் வைத்தால் 1400 கிராம் காட்ட வேண்டாமா? காட்டாது. சுற்றியுள்ள காற்று, உள்ளே இருக்கும் காற்றை அதன் எடைக்குச் சமமாக மேல்நோக்கித் தாங்கிக்கொள்கிறது. தராசுக்குத் தெரிவது புரதம் மட்டும்தான்.