குடிநீர்த் தாங்கி கேட்டுப் பிரதேச சபைக்குச் செல்லும்போது

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் உங்கள் பிரதேச சபையிடம், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகக் குடிநீர்த் தாங்கிக்கு நிதி கோரலாம். கூட்டத்தில் திரையில் காட்டுவதற்கு நான்கு பக்கங்கள் போதும்.

முதற் பக்கம்: தேவை. "தண்ணீர்க் கஷ்டம்" என்று மட்டும் எழுதாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். உதாரணமாக, 60 குடும்பங்களில் 240 பேர் மீளக்குடியேறியுள்ளனர். பவுசர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிறது என வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் என்பது நிவாரணப் பணிகளில் பின்பற்றப்படும் ஆகக்குறைந்த அளவு. அதன்படி ஒரு நாளைக்கு 3,600 லீற்றரும் இரண்டு நாளுக்கு 7,200 லீற்றரும் தேவை. இன்னும் திரும்பி வராத, ஆனால் பதிவு செய்த குடும்பங்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். எண்ணிக்கையைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பக்கம்: தாங்கி. 10,000 லீற்றர் தாங்கி ஒன்றைவிட 5,000 லீற்றர் தாங்கிகள் இரண்டு நல்லது. ஒன்றைக் கழுவும்போது மற்றதில் தண்ணீர் இருக்கும். பவுசர் பிந்தினாலும் மிகுதி 2,800 லீற்றர் ஏறத்தாழ முக்கால் நாளுக்குத் தாங்கும். நிறைந்த தாங்கி ஒவ்வொன்றிலும் உள்ள தண்ணீர் மட்டும் ஐந்து தொன் நிறை. எனவே மண்ணிலோ கற்களை அடுக்கியோ வைக்கக்கூடாது. கொங்கிறீற் மேடை வேண்டும். மேடை மிக உயரமானால், பம்பி இல்லாத பவுசரால் நிரப்ப முடியாது. வாளி வைத்துப் பிடிக்கக் குழாயின் கீழ் இடமிருந்தாலே போதும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 10 லீற்றர் வந்தால், நான்கு குழாய்களில் ஒரு நாள் தேவையை ஒன்றரை மணித்தியாலத்தில் எடுத்துவிடலாம்.

மூன்றாம் பக்கம்: காணி. பவுசர் மாரியிலும் வரக்கூடிய பாதையோரத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஊரில் இல்லாதவரின் காணியில், அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றித் தாங்கி வைக்க வேண்டாம். அவர் திரும்பி வந்து வேலி அடைத்தால் குழாய் உள்ளே போய்விடும். அரச காணியாயின் பிரதேச செயலகத்தின் அனுமதிக் கடிதத்தை இணையுங்கள்.

நான்காம் பக்கம்: செலவும் பராமரிப்பும். மதிப்பீட்டைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு தயாரித்துக்கொள்ளுங்கள். உடைந்த குழாயை மாற்றுவது யார், தாங்கியைக் கழுவுவது யார், மாதச் சந்தா எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பராமரிப்புக்கு ஆளில்லாத தாங்கி விரைவில் பாசி பிடித்துக் கைவிடப்படும். குழாயில் பிடிக்கும் நீரில் எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைந்தால், தண்ணீருக்குக் கிருமிப் பாதுகாப்பு இல்லை. இதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சோதித்துச் சொல்வார்.

பின்னர் பவுசருக்குப் பதிலாகக் கிணற்று நீரால் தாங்கியை நிரப்ப எண்ணினால், இரத்மலானையைத் தலைமையகமாகக் கொண்ட தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் உங்கள் பிராந்திய அலுவலகத்தில் நீர்ப் பரிசோதனை பற்றி முதலில் விசாரியுங்கள். மாதிரியைக் கோடை முடிவில் எடுப்பது நல்லது. உவர் கூடுதலாகத் தெரிவது அப்போதுதான்.

சபையின் வரவு செலவுத் திட்டம் ஜனவரியில் தொடங்கும் ஆண்டுக்கானது. அது தயாராகும் முன்னரே கோரிக்கையைக் கையளித்து, பிரதியொன்றில் திகதியுடன் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.