பதினொரு மணிக் கூட்டம் பன்னிரண்டுக்கு

கிராம சபை குறித்த நேரத்தில் தொடங்காமல் போவதற்குப் பெரும்பாலும் கோரம்தான் காரணம். தமிழ்நாட்டில் 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் 100 பேராவது வந்தால்தான் சபை கூடியதாகக் கணக்கு. அது நிறையும்வரை தீர்மானம் எதுவும் போட முடியாது.

மே 1, காலை 11 மணிக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். 10.50-க்கு வருகைப் பதிவேட்டில் 64 கையெழுத்துகள் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் இன்னும் 36 பேர் வரப்போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. அறிவிக்க வேண்டிய நேரம் அதுதான். 11 மணி தாண்டி அறிவித்தால், பாதிப் பேர் சலித்து எழுந்திருப்பார்கள். “இதோ, இன்னும் கொஞ்ச நேரத்தில்” என்ற அறிவிப்பால் பயனில்லை. அதைக் கேட்டவருக்கு வீட்டுக்குப் போய் வரலாமா, கூடாதா என்பது தெரியாது.

புதிய நேரத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஆட்டோவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் ‘பதினொன்றேகால்’, ‘பதினொன்றே முக்கால்’ இரண்டும் தெருமுனையில் ஒன்றுபோலவே கேட்கும். 2022-இல் தண்டோரா போடுவதை அரசு தடை செய்தபின் ஊர்கள் நம்பியிருப்பது இந்த ஒலிபெருக்கியைத்தான். ஆகவே முழு மணியாகச் சொல்வதே நல்லது. அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

“பதினொரு மணிக்கு நடக்க இருந்த கிராம சபை, பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். நூறு பேர் தேவை, அறுபத்து நான்கு பேர் வந்திருக்கிறோம். இடம் அதேதான், பள்ளிக்கூட வளாகம். பன்னிரண்டு மணி.”

நேரத்தை இருமுறை சொல்வது, முதல் வரியைத் தவறவிட்டவருக்காக. எண்ணிக்கையைச் சொன்னால், தான் போனால் கணக்கு நகரும் என்று வீட்டில் இருப்பவருக்கும் புரியும். அதே செய்தி வாசலில் சாக்பீஸால் எழுதப்பட்டிருந்தால், 11.20-க்கு வருபவர் கூட்டம் முடிந்துவிட்டதோ என்று திரும்பிப் போகமாட்டார்.

காத்திருப்பவர்கள் என்ன செய்வது? முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் நிழலில் உட்காரலாம். பந்தலுக்குள் தண்ணீர்க் குடம் வந்துவிட வேண்டும். மற்றவர்களுக்குச் செய்யத்தக்க ஒரு வேலை உண்டு. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கையை ஒருவர் சத்தமாக வாசிக்க, தன் தெரு விளக்குக்கோ குடிநீர்க் குழாய்க்கோ என்ன செலவு காட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கூட்டம் தொடங்கியபின் அறிக்கை வேகமாக வாசிக்கப்படும்போது இதற்கு அவகாசம் இருப்பதில்லை. மனுக்களையும் இப்போதே எழுதிவிடலாம்.

செய்யக்கூடாதது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவது. பதிவேட்டில் நூறும் பந்தலில் நாற்பதும் இருந்தால், அந்த நாற்பது பேர் எடுத்த முடிவு ஊரின் பெயரில் எழுதப்படும். அவசரமாகப் போக வேண்டியவர் அறிவித்த நேரத்துக்குத் திரும்பி வந்து கையெழுத்திடட்டும்.

பன்னிரண்டுக்கும் ஆள் சேரவில்லை என்றால், மீண்டும் ஒரு மணிக்கு என்று இழுக்க வேண்டாம். கூட்டத்தை ஒத்திவைத்து, மறுதேதியை முறைப்படி அறிவிப்பதே வந்து காத்திருந்தவர்களுக்குச் செய்யும் நியாயம்.