கப்படோக்கியா பலூன் பயணம்: காசு மட்டும் போதாது, விடியலும் வேண்டும்

துருக்கியின் கோரேமே ஊரில் பொழுது விடியுமுன்பே விடுதி வாசல்களில் வேன்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். தூக்கக் கலக்கத்தோடு ஏறும் பயணிகள் பெரும்பாலும் தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள். எரிமலைச் சாம்பல் இறுகி, காற்றும் மழையும் அரித்துச் செதுக்கிய கூம்புப் பாறைகளுக்கு மேலே, சூரியன் எழும் நேரத்தில் வெப்பக்காற்று பலூனில் மிதப்பதற்காகவே பலர் இந்தக் கப்படோக்கியா பகுதிக்கு வருகிறார்கள். நல்ல காலநிலையில் நூறு பலூன்களுக்கு மேல் ஒரே விடியலில் எழும்பும். மோசமான நாளில் ஒன்றுகூட எழும்பாது. வேனில் ஏறிய பிறகும், ஏன், புறப்படும் களத்துக்கே போய்ச் சேர்ந்த பிறகும் 'இன்று பறப்பதில்லை' என்ற செய்தி வரலாம்.

ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒருவருக்கு நூறு யூரோ முதல் முந்நூறு யூரோ வரைகூட ஆகிறது. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஒரு காலைப்பொழுதின் செலவு நாற்பதாயிரம் ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல். இந்தப் பணம் தகுமா என்று கேட்பவர்கள் முதலில் அந்தப் பலூன் எப்படிப் பறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விலை, ரத்து, ஆபத்து மூன்றுக்கும் விளக்கம் அதில்தான் இருக்கிறது.

ஏன் விடியலில் மட்டும்?

காற்று சூடானால் விரிந்து எடை குறையும். கோரேமே கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள ஊர். அங்கே ஒரு கன மீட்டர் காற்றை நூறு டிகிரி அளவுக்குச் சூடாக்கினால், வெளியே உள்ள குளிர்காற்றைவிட ஏறத்தாழ கால் கிலோ லேசாகும். கால் கிலோ அற்பம்தான். ஆனால் சுற்றுலாப் பலூன்களின் துணிக்கூட்டுக்குள் பத்தாயிரம் கன மீட்டர் அளவுக்குக் காற்று இருப்பதுண்டு. அப்படியானால் தூக்கும் திறன் இரண்டரை டன். துணி, கூடை, பர்னர், புரொபேன் வாயு உருளைகள் எல்லாவற்றின் எடையும் போக, இருபதுக்கும் மேற்பட்ட மனிதர்களை அது தூக்கிவிடும். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு எளிதாகப் பலூன் மேலெழும். விடியலைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பர்னரை எரித்தால் ஏறும். உச்சியில் உள்ள துணி மூடியைக் கயிற்றால் இழுத்துச் சூடான காற்றை வெளியேற்றினால் இறங்கும். பக்கவாட்டில் போவதெல்லாம் காற்றின் விருப்பம். ஆனால் வெவ்வேறு உயரங்களில் காற்று வெவ்வேறு திசைகளில் வீசும். எந்த உயரத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணித்து, ஏறியும் இறங்கியும் தனக்கு வேண்டிய திசையைப் பிடிப்பதே பைலட்டின் கலை. பள்ளத்தாக்குக்குள் பாறைகளை உரசும் அளவுக்குத் தாழப் பறந்து, பிறகு சில நூறு மீட்டர் உயரத்துக்கு எழும்பிப்போவது இந்த வித்தையால்தான்.

வெயில் ஏறியதும் இந்தக் கணக்கு குலைந்துவிடும். தரை சூடாகி, இங்கொன்றும் அங்கொன்றுமாக வெப்பக் காற்றுத் தூண்கள் மேலெழும். அவற்றை ஈடுசெய்ய வேறிடத்தில் காற்று கீழிறங்கும். அந்தக் கலக்கத்தில் பெரிய பலூனைக் கட்டுப்படுத்துவது கடினம். இரவெல்லாம் குளிர்ந்து அடங்கிய காற்று, சூரியன் எழுந்து சிறிது நேரம் வரைதான் அமைதியாக இருக்கும். ஆகவே ஒரு நாளில் விற்கக்கூடிய நேரமே இரண்டு, மூன்று மணிதான். விலை ஏறுவதற்கு இந்தக் குறுகிய நேரமும் காரணம்.

'காற்றே இல்லையே, ஏன் ரத்து?'

பயணம் ரத்தாகும் காலைகளில் விடுதி வரவேற்பறைகளில் அதிகம் கேட்கும் கேள்வி இது. வாசலில் இலை அசையாது. வானம் தெளிவாக இருக்கும். ஆனால் முந்நூறு மீட்டர் உயரத்தில் காற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது இன்னும் ஒரு மணி நேரத்தில் தரைக்காற்று வலுக்கும் என்று முன்னறிவிப்பு சொல்லலாம். பைலட்டுகள் புறப்படுமுன் சிறிய ஹீலியம் பலூனை விட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்: அது நேராக மேலே போகிறதா, குறிப்பிட்ட உயரத்தில் சட்டென்று ஒரு பக்கம் இழுபடுகிறதா என்று கவனிப்பார்கள்.

கப்படோக்கியாவில் பறக்கலாமா கூடாதா என்ற முடிவு பலூன் நிறுவனத்தின் கையில் இல்லை. துருக்கியின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறை வானிலைத் தகவல்களைப் பார்த்து எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து முடிவைச் சொல்கிறது. பச்சை என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும், சிவப்பு என்றால் ரத்து. பயணிகளுக்கு இது ஒரு பெரிய பாதுகாப்பு. போட்டி நிறுவனம் பறக்கிறதே, நாமும் பறந்துவிடலாம் என்ற ஆசைக்கு இங்கே இடமில்லை. வானிலையால் ரத்தானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது இடம் இருந்தால் மறுநாளைக்கு மாற்றித் தருவார்கள்.

காற்று விஷயத்தில் இவ்வளவு கறார் ஏன்? மேலே மிதக்கும்போது காற்றின் வேகமே பலூனின் வேகம் என்பதால் முகத்தில் காற்று படுவதுகூடத் தெரியாது. ஆபத்து தரையைத் தொடும் நிமிடத்தில்தான். அமைதியான நாளில் பைலட்டுகள் கூடையை நேராக இழுவை வண்டியின் மேலேயே இறக்கிவிடுவார்கள். காற்று மணிக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், ஆட்கள் நிறைந்த கூடை அதே வேகத்தில் தரையில் மோதும். சரிந்திருக்கும் துணியைக் காற்று இழுக்க, கூடை சாய்ந்து சிறிது தூரம் உரசிக்கொண்டு போகும். பெரிய பலூன்களுக்குத் தரைக்காற்று மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டரைத் தாண்டினால் பொதுவாகப் புறப்பட மாட்டார்கள்.

விபத்துகள் நடக்காமல் இல்லை. 2013 மே மாதம் கப்படோக்கியாவில் இரண்டு பலூன்கள் வானில் உரசிக்கொண்டதில் ஒன்றின் துணி கிழிந்து கீழே விழுந்து பிரேசில் நாட்டுப் பயணிகள் இறந்தார்கள். 2022 அக்டோபரில் கடினமாகத் தரையிறங்கிய ஒரு பலூனில் இரண்டு ஸ்பெயின் பயணிகள் உயிரிழந்தார்கள். 2025 ஜூனில் அருகிலுள்ள அக்சராய் மாகாணத்தில் தரையிறங்கும்போது ஒரு பைலட் இறந்தார். பயணிகள் பலர் காயமடைந்தார்கள். ஆண்டுக்குப் பல லட்சம் பேர் பறக்கும் இடத்தில் இந்த எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனாலும் புறப்படுமுன் சொல்லித்தரும் தரையிறங்கும் நிலையை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இவை போதும். முழங்காலை மடித்து, பலூன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, கூடைக்குள் இருக்கும் கயிற்றுப் பிடியை இறுகப் பற்றி, கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட வேண்டும். பைலட் சொல்லும்வரை கூடையைவிட்டு யாரும் இறங்கக்கூடாது; ஒருவர் எடை குறைந்தாலும் பலூன் மீண்டும் எழும்பும். கர்ப்பிணிகளையும் சிறு குழந்தைகளையும் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. முழங்கால், முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது.

எத்தனை விடியல்கள் வேண்டும்?

ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாட்கள் பறப்பதற்கு ஆகாமல் போகின்றன. கோடையில் ரத்து குறைவு. டிசம்பர் முதல் மார்ச் வரை பாதிக்குப் பாதி என்று எண்ணிக்கொள்ளலாம்.

ஒரே ஓர் இரவு தங்கிப் பறக்க நினைக்கும் தம்பதியை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் மாதம், பறக்கும் வாய்ப்பு பத்துக்கு ஏழு என்று வைப்போம். ஏமாற்றம் அடையும் வாய்ப்பு பத்துக்கு மூன்று. மூன்று இரவு தங்கினால், மூன்று காலையும் ரத்தாகும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். இது காகிதக் கணக்கு. உண்மையில் ஒரு நாள் வானிலை அடுத்த நாளோடு தொடர்புடையது. ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் மூன்று நான்கு நாட்கள் ஒட்டுமொத்தமாகப் போய்விடும். ஆகவே இடர் காகிதம் காட்டுவதைவிடச் சற்றுக் கூடுதல்தான். என்றாலும் ஓர் இரவுக்கும் மூன்று இரவுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

முன்பதிவை முதல் காலைக்கே செய்வதுதான் இதில் புத்திசாலித்தனம். ரத்தானால் நகர்த்த இன்னும் இரண்டு காலை மிச்சம் இருக்கும். கடைசி நாளுக்குப் பதிவு செய்பவர்களுக்கு மறுவாய்ப்பே கிடையாது. இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் ரத்தானால், தேங்கி நிற்கும் கூட்டம் அடுத்த நல்ல நாளில் மொத்தமாக இடம் கேட்கும். அன்று விலை இரட்டிப்பாவதும் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் மாற்றும்போது பழைய விலையே செல்லுமா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

பலூனின் உண்மையான செலவு, ஆக, டிக்கெட் மட்டும் இல்லை. காத்திருப்பதற்காகக் கூட்டும் இரவுகளின் விடுதி வாடகையும் அதில் சேரும். அந்த நாட்கள் வீணாவதில்லை என்பது கப்படோக்கியாவின் பலம். பாறையைக் குடைந்து கட்டிய தேவாலயங்கள் நிறைந்த கோரேமே திறந்தவெளி அருங்காட்சியகம், பல அடுக்குகளாகப் பூமிக்குள் இறங்கும் தெரின்குயு நிலத்தடி நகரம், ஊச்சிசார் பாறைக்கோட்டை என்று இரண்டு மூன்று நாள் பார்க்க நிறையவே உண்டு.

இன்னொரு விஷயம் பலருக்கும் அங்கே போன பிறகுதான் தெரிகிறது. விளம்பரங்களில் வரும் அந்தப் புகழ்பெற்ற படம், பாறைகளுக்கு மேல் நூறு பலூன்கள் மிதக்கும் காட்சி, பெரும்பாலும் தரையிலிருந்து எடுத்தது. கோரேமேயைச் சுற்றியுள்ள மேடுகளில் விடியுமுன் போய் நின்றால் அதை ஏறக்குறையச் செலவில்லாமல் பார்க்கலாம். பலூனுக்குள் இருப்பவருக்குக் கிடைப்பது வேறு: பாறை இடுக்குகளுக்குள் மெல்ல இறங்கும் அனுபவம், பர்னர் அணைந்ததும் வரும் அமைதி. படத்துக்காக மட்டும் போகிறவர்கள் தரையில் நின்றாலே போதும்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் மூன்று இரவு ஒதுக்க முடிந்தவர்களுக்கும், பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் முதல் காலைக்கே பதிவு செய்பவர்களுக்கும் இந்தப் பயணம் விலைக்குத் தகும். குளிர்காலத்தில் ஒரே இரவு தங்கிவிட்டு ஓடுகிறவர்களும், இந்த ஒரு மணி நேரத்துக்காகவே மொத்தச் சுற்றுலாவையும் திட்டமிடுகிறவர்களும் அந்தப் பணத்தை வேறு செலவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. காலையில் சிவப்பு அறிவிப்பு வந்தால், 'எப்படியாவது ஏற்றிவிடுங்கள்' என்று யாரையும் கெஞ்ச வேண்டாம். பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நிலத்தடி நகரம் பார்க்கக் கிளம்பிவிடுங்கள்.